பணியாளர் இறந்த மறுநாள் காலை நிர்வாகம் என்ன எழுத வேண்டும்?

கோவை பணியாளர் அலுவலர் | 10 ஜூன் 2024, காலை 5.50

பம்புசெட் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தர ஆய்வாளர் ஒருவர் நேற்று இரவு 11 மணியளவில் மருத்துவமனையில் இறந்துவிட்டார். வயது 41, எங்களிடம் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடன் அன்றாடம் வேலை செய்தவர்கள் 38 பேர். காலை 8 மணிக்கு முதல் ஷிப்ட் தொடங்கும்போது நிர்வாகத்தின் இரங்கல் செய்தி எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்று பொது மேலாளர் சொல்லியிருக்கிறார். பழைய கோப்பில் கிடைத்த மாதிரியை வைத்து நான் எழுதியது இது:

"நமது நிறுவனத்தின் மூத்த தர ஆய்வாளரும் அனைவரின் அன்புக்கும் பாத்திரமானவருமான திரு. ______ அவர்கள் நேற்று இரவு மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் மறைவு நிறுவனத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பாகும். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம்வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம். இன்று முதல் அவரது பணிகளைத் திரு. ______ கவனித்துக்கொள்வார்."

இதில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் எது என்று பிடிபடவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 10 ஜூன், காலை 6.15

உறுத்துவது கடைசி வரி. ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதிவிட்டு, ஒரு வரி தள்ளி ஈடுசெய்யப் போகிறவரின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். வேலைப் பங்கீடு தேவைதான், ஆனால் அதை மேற்பார்வையாளர் ஷிப்டில் வாயால் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் புதியவருக்கும் இது நல்லதல்ல, சாவுச் செய்தியோடு சேர்த்து அவர் பெயரைப் பார்த்தவர்கள் நெடுநாள் அதை மறக்க மாட்டார்கள்.

அதைவிட முதலில் வேறு மூன்று விஷயங்களை எனக்குச் சொல்லுங்கள். மாரடைப்பு என்று உங்களிடம் சொன்னது யார்? வீட்டில் எல்லோருக்கும் செய்தி தெரிந்துவிட்டதா? அடக்கமா தகனமா, எங்கே, எத்தனை மணிக்கு? செய்தியைப் படிக்கும் 38 பேரும் முதலில் கேட்கப்போவது, போய்ப் பார்க்க முடியுமா, போனால் விடுப்பா சம்பளமா என்பதைத்தான். உங்கள் வரைவில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை.

திருச்சி வாசகர் | 10 ஜூன், காலை 6.32

தங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட நல்ல தாளில், பொது மேலாளர் தம் கையாலேயே கையொப்பமிட்டு, "தங்கள் கணவரின் மறைவால் துயருறும் தங்களுக்கும் தங்கள் குழந்தைகளுக்கும்" என்று தொடங்கினால் பொருத்தமாக இருக்கும். நேரில் சென்று கொடுப்பது இன்னும் சிறப்பு. என் தந்தை இறந்தபோது அவர் பணியாற்றிய அலுவலகத்திலிருந்து வந்த அப்படியொரு கடிதத்தை என் தாயார் 22 ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

கோவை பணியாளர் அலுவலர் | 10 ஜூன், காலை 6.40

திருச்சி ஐயா, அது குடும்பத்துக்கு எழுதும் கடிதம், அதையும் எழுதத்தான் போகிறோம். நான் கேட்டது உடன் வேலை செய்தவர்களுக்கு நிர்வாகம் அனுப்பும் செய்தியைப் பற்றி.

மேலாளர் ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பிறகு அவர் மைத்துனருக்குத் தொலைபேசினேன். நல்ல வேளை கேட்டேன். மதுரையில் இருக்கும் தாயாரிடம், மகன் உடல்நிலை மோசமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் பேருந்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்பதரை மணிக்குத்தான் அவர் உடுமலைப்பேட்டையில் உள்ள வீட்டுக்கு வந்து சேருவார். மாரடைப்பு என்பதும் மருத்துவர் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. மருத்துவமனை இன்னும் எதையும் எழுத்தில் தரவில்லை. உடல் எப்போது கிடைக்கும் என்பதும் தெரியாது.

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 10 ஜூன், காலை 7.05

அப்படியானால் 8 மணிக்கு எழுத்தில் எதுவும் போகக் கூடாது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் அதைப் படம்பிடித்துக் "கண்ணீர் அஞ்சலி" என்று ஸ்டேட்டஸ் வைப்பார், மூன்றாவது நிமிடத்தில் பேருந்தில் இருக்கும் அந்த அம்மாவுக்கு உறவுக்காரர் யாரேனும் தொலைபேசியில் அழுவார். தவறான எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, ஆனாலும் நடந்துவிடும்.

8 மணிக்கு ஷிப்ட் கூடும் இடத்தில் பொது மேலாளரே நின்று இரண்டு நிமிடம் வாயால் சொல்லட்டும், அவர் அம்மா இன்னும் வழியில் இருக்கிறார், பத்து மணி வரை யாரும் வெளியில் பகிர வேண்டாம் என்று காரணத்தோடு கேட்கட்டும். காரணம் சொன்னால் மனிதர்கள் கேட்பார்கள், வெறுமனே பகிராதீர்கள் என்றால் கேட்க மாட்டார்கள். எழுத்துச் செய்தியைப் பத்து மணிக்கு வையுங்கள்.

மரணத்துக்கான காரணத்தைக் குடும்பம் சொல்லச் சொன்னால் மட்டும் எழுதுங்கள். "நேற்று இரவு மருத்துவமனையில் காலமானார்" என்பது முழுமையான வாக்கியம்தான்.

சொல் விவசாயி | 10 ஜூன், காலை 7.20

"காலமானார்" என்பது செய்தித்தாள் சொல். நான்கு ஆண்டுகள் பக்கத்தில் நின்று வேலை செய்தவரைப் பற்றி எழுதும்போது அது குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. "இறைவனடி சேர்ந்தார்" என்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறதே, அதை ஏன் எடுக்க வேண்டும்?

கோவை பணியாளர் அலுவலர் | 10 ஜூன், காலை 7.31

எடுக்க வேண்டியதுதான், ஐயா. அவர் பெரியார் வழியில் உறுதியாக இருந்தவர். ஆயுத பூசையன்று பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு விபூதியை மறுப்பார் என்பது ஆலை முழுவதும் அறிந்த கதை. "இயற்கை எய்தினார்" என்று எழுதலாமா என்று எண்ணினேன், ஆனால் அவர் மனைவி ஒவ்வொரு செவ்வாயும் கோயிலுக்குப் போகிறவர் என்கிறார் மைத்துனர். அவர் சொல்லை எடுத்து அவர் மனைவி கையில் கொடுப்பதும் சரியாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 10 ஜூன், காலை 7.44

அதனால்தான் நான் எப்போதும் "காலமானார்" என்பதில் நின்றுவிடுவேன். இந்து, கிறித்தவர், இசுலாமியர், நம்பிக்கையற்றவர் என யார் வீட்டிலும் அது இடறுவதில்லை. ஒருமுறை கிறித்தவப் பணியாளர் ஒருவருக்குச் "சிவலோக பதவி அடைந்தார்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை நானே கிழித்தெறிந்திருக்கிறேன், பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்ததால் வந்த வினை அது. உங்கள் மாதிரியும் பழைய கோப்புதானே, உள்ளே முந்தைய இறந்தவரின் பெயர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சொல் விவசாயி சொல்லும் குளிர்ச்சியைச் சொல்லால் போக்க முடியாது. அவரைப் பற்றிய உண்மையான ஒரு வரியால் போக்கலாம். "அனைவரின் அன்புக்கும் பாத்திரமானவர்" என்பது யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பொருந்தாது.

கோவை பணியாளர் அலுவலர் | 10 ஜூன், காலை 7.50

தேடினேன். அடிக்குறிப்பில் 2019-இல் இறந்தவரின் பணியாளர் எண் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

கணக்குப் பிரிவு நண்பர் | 10 ஜூன், காலை 8.25

ஒரு எச்சரிக்கை. "குடும்பத்துக்கு நிறுவனம் எல்லா உதவிகளையும் செய்யும்" என்று எழுதிவிடாதீர்கள். ஐந்தாண்டு முடியவில்லை என்பதால் பணிக்கொடை கிடையாது. பிறகு அவர் குடும்பம் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டும்.

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 10 ஜூன், காலை 8.50

வாக்குறுதியை எழுத வேண்டாம் என்பது சரி, காரணம் தவறு. பணிக்கொடைச் சட்டம் 1972-இன்படி, ஐந்தாண்டு நிபந்தனை தாமாக விலகுபவருக்கு உண்டு. இறந்துபோனவருக்கும் ஊனமுற்றவருக்கும் அது பொருந்தாது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய், 15 நாளுக்கு 15,000, நான்கு ஆண்டுக்கு 60,000. இது அவர் நியமனம் செய்தவருக்குச் சேர வேண்டியது. வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சமாக 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக் கூடும். அதற்காகத் தொழிலாளி தனியாக எதையும் கட்டுவதில்லை என்பதால் பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் இவை எதுவும் அணிக்கான செய்தியில் வரக் கூடாது. ஒரு தொகை அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டால், அன்று மாலைக்குள் அது சொந்தக்காரர்களிடம் பேசுபொருளாகிவிடும். திருமணத்துக்கு முன் தாயார் பெயரில் எழுதிய வைப்புநிதி நியமனத்தைத் திருமணத்துக்குப் பின் மாற்றாமல் விட்டிருந்தால், அது செல்லாமல் போய்விடும், அப்போது தாயாருக்கும் மனைவிக்கும் இடையே நாமே ஒரு தாளை நீட்டியதாகிவிடும். "குடும்பத்துக்கு உரியவற்றைப் பெற்றுத் தரும் பொறுப்பைப் பணியாளர் பிரிவின் இன்னார் ஏற்றிருக்கிறார்" என்ற ஒரு வரி போதும். பணம் கிடைக்கும் என்று அது சொல்லவில்லை, யாரைக் கேட்பது என்று சொல்கிறது.

கணக்குப் பிரிவு நண்பர் | 10 ஜூன், காலை 9.02

ஊனமும் மரணமும் விலக்கு என்பதை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஓட்டுநர் ஒருவரின் குடும்பத்துக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியது நினைவுக்கு வருகிறது. அந்தக் கோப்பை இன்றே எடுத்துப் பார்க்கிறேன்.

கோவை பணியாளர் அலுவலர் | 10 ஜூன், காலை 10.12

தாயார் வந்து சேர்ந்துவிட்டார் என்று 9.40-க்கு மைத்துனர் சொன்ன பிறகு இதை ஒட்டினோம். அவரிடம் முதலில் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

"நம் தர ஆய்வுப் பிரிவின் திரு. ______ நேற்று இரவு மருத்துவமனையில் காலமானார். அளவில் சந்தேகம் வந்தால் எந்தப் பெட்டியையும் அனுப்ப மாட்டார், அதற்காக யாரோடும் சண்டையும் போட மாட்டார், காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து மறுபடி அளப்பார். உடல் உடுமலைப்பேட்டை வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தை மதியம் 12 மணிக்குத் தெரிவிக்கிறோம். செல்ல விரும்புவோருக்கு ஆலை வாசலிலிருந்து இரண்டு வண்டிகள் புறப்படும், இன்றைய சம்பளம் பிடிக்கப்படாது. வர இயலாதவர்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. குடும்பத்துக்கு உரியவற்றைப் பெற்றுத் தரும் பொறுப்பைப் பணியாளர் பிரிவின் ______ ஏற்றிருக்கிறார். வீட்டாரிடம் இன்று தொலைபேசியில் பேச வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டுள்ளனர்."

காபி வரி அவர் பக்கத்து மேசைக்காரர் சொன்னது. பொது மேலாளர் முதலில் அதை அடித்துவிட்டார், கண்ணியக் குறைவு என்றார். பிறகு 8 மணிக்கு வாயால் பேசும்போது அவரே அதைச் சொல்லிவிட்டு, பேச்சை முடிக்க முடியாமல் நின்றார். அதன் பின் தாளிலும் விட்டுவிட்டார்.

இரவுப்பணி | 10 ஜூன், இரவு 9.15

இந்தத் தாள் யாருக்கெல்லாம் போனது என்று கேட்கிறேன். எங்கள் ஆலையில் சென்ற ஆண்டு ஒருவர் இறந்தபோது நிர்வாகத்தின் செய்தி மின்னஞ்சலில் வந்தது. மின்னஞ்சல் முகவரி நிரந்தரப் பணியாளர்களுக்குத்தான் உண்டு. அவரோடு ஒரே இயந்திரத்தில் ஆறு ஆண்டுகள் நின்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏழு பேருக்கு, மறுநாள் வாயில் காவலர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன். செய்தி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தது என்பதை நான் பின்னால் இன்னொருவர் தொலைபேசியில்தான் பார்த்தேன், பார்த்தபோது கோபம்தான் வந்தது.

கோவை பணியாளர் அலுவலர் | 10 ஜூன், இரவு 9.40

பலகையில் ஒட்டினோம், ஆனால் இரவு ஷிப்டும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நினைவுக்கு வரவில்லை. 10 மணி ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் இப்போதுதான் தொலைபேசியில் சொன்னேன், எல்லோரையும் கூட்டி அதே தாளை உரக்கப் படிப்பார். 38 என்று காலையில் எழுதினேன், அது சம்பளப் பட்டியலில் இருந்து எடுத்த எண். ஒப்பந்தத் தொழிலாளர்களோடு எண்ணினால் 51.

சென்னை மென்பொருள் | 11 ஜூன், காலை 10.05

எங்கள் அலுவலகத்தில் நடந்தது வேறு வகை. இரங்கல் மின்னஞ்சல் நன்றாகவே இருந்தது, ஆனால் அனுப்பியவரின் தானியங்கிக் கையொப்பத்தில் "இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு இருந்தது. கீழே பதினேழு பேர் கட்டைவிரல் குறியிட்டிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து, இறந்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எல்லோருக்கும் போனது, வாழ்த்தை அனுப்பும் மென்பொருளுக்கு அவர் இறந்தது தெரியாது. எனவே செய்தி எழுதிய அன்றே பிறந்தநாள் பட்டியல், பணி ஆண்டு நிறைவு வாழ்த்து, வருகைப் பதிவு ஆகியவற்றிலிருந்து பெயரை நிறுத்துங்கள். அவர் மின்னஞ்சலுக்கு எழுதும் வாடிக்கையாளருக்கு "விடுப்பில் உள்ளேன், திரும்பியதும் பதிலளிப்பேன்" என்று போகாமலும் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இறந்த அவர் தற்கொலை செய்துகொண்டார். குடும்பம் சொல்ல விரும்பவில்லை, ஆனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். நிர்வாகம் "திடீர் உடல்நலக் குறைவு" என்று எழுதியது. அதற்குப் பிறகு நிர்வாகம் எழுதிய எதையும் எங்கள் அணியில் யாரும் நம்பவில்லை.

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 11 ஜூன், பகல் 12.30

பொய்யை எழுதக் கூடாது, உண்மையைச் சொல்லும் உரிமையும் நிர்வாகத்துக்கு இல்லை. "நேற்று காலமானார், குடும்பத்தாரின் விருப்பப்படி வேறு விவரங்களைப் பகிரவில்லை" என்று இருந்திருக்க வேண்டும். மறைக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்வது அது. முறையையோ இடத்தையோ கடிதத்தையோ பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது, வேலைச்சுமையால் என்றோ காதலால் என்றோ ஒற்றைக் காரணமும் சொல்லக் கூடாது. தமக்கும் அப்படியொரு எண்ணம் ஓடிக்கொண்டிருப்பவர் யாராவது அந்த அணியில் இருக்கக் கூடும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இப்படிப்பட்ட மரணத்தில் அந்த எண்ணைச் செய்தியின் அடியில் போடுவேன், வேறு மரணத்தில் போட மாட்டேன்.

சென்னை மென்பொருள் | 11 ஜூன், பகல் 1.10

அங்கேதான் சிக்கல். அந்த எண்ணைப் போட்டாலே காரணத்தைச் சொன்னதாகிவிடுமே?

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 11 ஜூன், மாலை 6.00

ஆகும். மதியத்திலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். எல்லா மரணச் செய்தியிலும் அதைப் போட்டால் காரணம் வெளிப்படாது, ஆனால் தொண்ணூறு வயது முன்னாள் காவலருக்கும் போட்டால் அபத்தமாகிவிடும். செய்தியில் சேர்க்காமல், மறுநாள் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசும்போது கொடுப்பது மேல் என்று இப்போது தோன்றுகிறது. மதியம் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

இரவுப்பணி | 12 ஜூன், காலை 7.20

ஆலைக்குள்ளேயே இறந்தால் என்ன எழுதுவது என்பதையும் யாராவது சொல்லுங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் ஒருவர் அச்சு இயந்திரத்தில் சிக்கி இறந்தார். தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்கு முன்பே "எதிர்பாராத விபத்தில்" என்று பலகையில் ஒட்டினார்கள். அந்த இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு உடைந்திருப்பதை மூன்று வாரமாக எழுதிக் கொடுத்துவந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அது எதிர்பாராதது அல்ல.

ஓய்வுபெற்ற பணியாளர் மேலாளர் | 12 ஜூன், காலை 9.00

அங்கே "எதிர்பாராத" என்பதும் ஒரு தீர்ப்பு, "கவனக்குறைவால்" என்பதும் ஒரு தீர்ப்பு. "நேற்று மாலை அச்சுப் பிரிவில் பணியின்போது நேர்ந்த விபத்தில் காலமானார். விசாரணை நடக்கிறது. அந்த இயந்திரம் நிறுத்தப்பட்டுள்ளது" என்று எழுதலாம். கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும்.

கோவை பணியாளர் அலுவலர் | 12 ஜூன், இரவு 8.45

நேற்று முன்தினம் உடல் மாலை 4 மணிக்குத்தான் வந்தது. நேரத்தை முன்கூட்டியே அச்சிடாதது நல்லதாயிற்று. ஒரு தவறு மட்டும் நேர்ந்தது. மின்மயானத்துக்குப் புறப்படும் நேரத்தை மட்டும் தெரிவித்தோம், வீட்டில் பார்க்கும் நேரத்தைத் தெரிவிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் பெரும்பாலும் மயானத்துக்கு வருவதில்லை. அசெம்பிளியில் இருக்கும் பெண்கள் ஒன்பது பேர் வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

சொல் விவசாயி | 13 ஜூன், காலை 6.50

காபி வரியைப் படித்த பிறகு "காலமானார்" எனக்கும் குளிரவில்லை. ஆனாலும் "அன்னார்" என்ற சொல்லுக்காக நான் தனியாக வாதாடுவேன்.

கோவை பணியாளர் அலுவலர் | 25 ஜூன், இரவு 9.30

நேற்று பதினாறாம் நாள் காரியம். இரண்டாவது செய்தியை இன்று ஒட்டினோம். அவரது மேசையை வீட்டார் வந்து எடுத்துக்கொள்ளும் வரை யாரும் தொட மாட்டார்கள், வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள், நன்கொடை திரட்டுவோர் பணியாளர் பிரிவிடம் ஒரே பட்டியலாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எழுதியிருந்தால் கொடுமையாகத் தெரிந்திருக்கக்கூடிய அதே பங்கீட்டு வரியை இன்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை எழுத இவ்வளவு தாமதமா என்று இரண்டு பேர் கேட்கவும் செய்தார்கள், வேலை தேங்கியது அவர்கள் தலையில்தான் விழுந்தது. பதினைந்து நாள் அதிகமோ என்ற ஐயம் எனக்கும் இருக்கிறது.

கணக்குப் பிரிவு நண்பர் | 26 ஜூன், காலை 11.00

ஓட்டுநரின் கோப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். தர வேண்டியதுதான். நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

கோவை பணியாளர் அலுவலர் | 9 ஜூலை, மாலை 5.20

எங்கள் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த முத்திரை உண்டு, தேர்ச்சி பெற்ற பாகத்தில் அதைத்தான் அடிப்பார்கள். அவருடையது 7. பின்னாளில் ஒரு பாகம் பழுதாகித் திரும்பினால் யார் பார்த்தது என்று கண்டுபிடிப்பதற்கான எண் அது, எனவே ஒருவர் போனால் முத்திரையைத் திரும்பப் பெற்றுப் பதிவேட்டில் எழுதி, எண்ணை உடனே வேறு யாருக்கும் கொடுக்காமல் வைப்போம். இன்று அதை எழுத உட்கார்ந்தேன். திரும்பப் பெற்ற காரணம் என்ற பத்தியில் இடமாற்றம், பணி விலகல், தேய்மானம், தொலைந்தது என்று நான்குதான் அச்சிட்டிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் முத்திரையைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன எழுதப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான்கையும் அடித்துவிட்டு, "காலமானார், 9.6.2024" என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு முத்திரையைப் பெட்டியில் வைத்தார்.